அயிரை துள்ளுது, ரேடியோ பாடுது: அப்பத்தா அடுப்படியில் ஒரு காலைப்பொழுது

செருப்பைத் திண்ணைக்குக் கீழே கழற்றிவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். சமையல் வீடியோக்களில் நீங்கள் போனில் எத்தனையோ தடவை பார்த்த அந்த வேப்ப மரம் இதோ நிற்கிறது! அந்த மண் அடுப்பு, அந்த அம்மி, பின்னால் வரிசை கட்டிய தென்னைகள், எல்லாமே அப்படியே இருக்கின்றன. சோழவந்தானைத் தாண்டி, வாய்க்கால் கரையோரமாக மண்பாதையில் போனால் வரும் ஊர். மணி ஆறு. மார்கழிப் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குக் குளிரே தெரியவில்லை, அவ்வளவு குஷி!

திரையில் பார்க்கும்போது இந்த இடம் எவ்வளவு அமைதி! நேரில் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். அடுப்புக்கு இடது பக்கம் சைக்கிள், உர மூட்டை, கவிழ்த்துப் போட்ட வாளி. வலது பக்கம் கட்டியிருக்கும் ஆடு எட்டி எட்டிக் கறிவேப்பிலையைப் பார்க்கிறது. கொடியில் காயும் துணிகள் எல்லாம் ஒரே ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மரக்கிளையில் ஒரு போன் தலைகீழாகத் தொங்குகிறது. பழைய பனியன் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். சட்டிக்குள் நடப்பதை மேலிருந்து பிடிப்பது அதுதான். இன்னொரு போன் மூன்று கால் ஸ்டாண்டில் அப்பத்தாவின் முகத்துக்கு நேராக நிற்கிறது. மொத்தக் கருவிகளும் இவ்வளவுதான்.

அப்பத்தாவுக்கு எழுபத்து மூன்று வயது. சுங்குடிச் சேலை, காதில் தங்கத் தோடு, மூக்கில் மூக்குத்தி. என்னைப் பார்த்ததும், "வாத்தா, காப்பி குடிச்சியா?" என்கிறார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மருமகளைப் பார்த்து ஒரு கண்ஜாடை, அவ்வளவுதான், டம்ளர் என் கைக்கு வந்துவிட்டது.

இந்தக் கதை ஒரு ஃபைல் அனுப்ப முடியாததால் தொடங்கியது. போன மார்கழியில், பெங்களூருவில் மாசமாக இருந்த பேத்திக்கு அப்பத்தாவின் அயிரை மீன் குழம்பு மேல் ஆசை வந்துவிட்டது. "எப்படி வைக்கணும்னு காட்டுங்க" என்று தம்பியிடம் கேட்டிருக்கிறாள். பேரன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். போனைச் சுவரில் சாய்த்துவைத்து, அப்பத்தா சமைப்பதை முழுசாகப் பிடித்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பப் பார்த்தால் போகவில்லை, ஃபைல் அவ்வளவு பெரிது. சரி என்று யூடியூபில் ஏற்றி லிங்க்கை அக்காவுக்கு அனுப்பினான். அக்கா மட்டும் பார்க்கும்படி வைக்க வேண்டிய இடத்தில், ஊரே பார்க்கும்படி விட்டுவிட்டான்.

பத்து நாள் யாருக்கும் தெரியாது. பதினோராவது நாள் துபாயில் இருக்கும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கூப்பிட்டு, "டேய், உங்க அப்பத்தாவ எங்க ரூம்ல எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம்டா" என்றாராம். அவர்கள் பார்த்தது மீனையோ மசாலாவையோ அல்ல. வீடியோவின் கடைசியில் பேரன், "நீ கொஞ்சம் சாப்ட்டுக் காட்டு அப்பத்தா" என்கிறான். அப்பத்தா திகைத்துப்போய் வாசலைப் பார்க்கிறார். "ஒங்கப்பன் இன்னும் சாப்பிடலையேடா" என்கிறார். பேரன் விடவில்லை. கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முந்தானையால் வாயை மறைத்து, ஒரே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். தன் வீட்டில், தானே வைத்த குழம்பை, திருடித் தின்பது போல! அந்தச் சில நொடிகளைத்தான் வெட்டி வெட்டி ஆளாளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கெங்கோ இருந்த பேரப்பிள்ளைகளுக்கு அவரவர் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

அதன்பின் பேரன் அப்பத்தாவை உட்கார வைத்து ஆந்திரத்து மஸ்தானம்மாவின் வீடியோக்களைக் காட்டினான். அவரும் ஒரு கிராமத்துப் பாட்டி. நூறு வயதைத் தாண்டியவர் என்று சொல்லப்பட்ட காலத்தில், 2016 முதல் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர். 2018 டிசம்பரில் காலமானார். அவர் கத்தியைத் தேடாமல் இஞ்சியை நகத்தாலேயே சீவுவதைப் பார்த்து அப்பத்தா சிரித்தாராம். "இதுக்கா இம்புட்டுப் பேரு பாக்குறாக? இத நானும்தான் செய்வேன்." தொடர்ந்து வீடியோ எடுக்கச் சம்மதம் வந்தது அப்படித்தான்.

இன்றைக்கு எடுக்கப்போவது அதே அயிரைக் குழம்பு, ஆனால் அளவோடு. ஒரு வருஷமாகப் பார்ப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: எத்தனை கிராம் மல்லி, எவ்வளவு புளி, எத்தனை நிமிஷம்? அப்பத்தாவிடம் இருப்பதெல்லாம் "ஒரு கை", "கொஞ்சம்", "தெரியும்ல". இந்த மூன்றையும் கிராமாக மாற்றுவதுதான் இன்றைய வேலை. ஆகா, சரியான நாளில்தான் வந்திருக்கிறேன்!

அதோ மீன் வந்துவிட்டது! தூக்குவாளிக்குள் தண்ணீரே துடிக்கிறது. அயிரை விரல் நீளம்கூட இருக்காது. மண்ணைக் கிளறி வாழும் மீன், உயிரோடு வாங்கினால்தான் மதிப்பு. வயிற்றில் சேறு இருக்கும், இவ்வளவு சின்ன மீனைக் கிழித்துக் குடல் எடுக்கவும் முடியாது. என்ன செய்வது? அதற்கு அப்பத்தா கண்ட வழி: தேங்காய்ப் பாலைத் தண்ணீராகக் கரைத்து, அதில் மீனை விட்டு மூடி வைத்துவிடுகிறார். பாலைக் குடித்துவிட்டு மண்ணைக் கக்குமாம். ஒரு மணி நேரம் ஆகும். அதனால்தான் இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கே மீன்காரருக்குப் போன் போகிறது. முன்பெல்லாம் பதினொரு மணிக்கு மூட்டிய அடுப்பு இது. வெயில் ஏறினால் வேப்ப மர நிழல் புள்ளிபுள்ளியாக அப்பத்தா முகத்தில் விழும், படம் கெட்டுப்போகும். அதனால் வீட்டின் கடிகாரமே நாலு மணி நேரம் முன்னால் நகர்ந்துவிட்டது.

அந்த ஒரு மணி நேரத்தில் வீடு படும் பாட்டைப் பாருங்கள்! மகன் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறவர். இப்போது அதற்கு முன்னால் ஒரு வேலை, தெர்மாகோல் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மீன் பெட்டியின் வெள்ளை மூடிதான் அது. கிழக்கு வெளிச்சத்தை அதில் வாங்கி அம்மாவின் முகத்துக்குத் திருப்பிவிட வேண்டும். "கையி இறங்குதுப்பா" என்று பேரன் சொல்ல, "நாலு மூட்டை தூக்குனாக்கூட இப்படி வலிக்காதுடா" என்கிறார். ஏழாம் வகுப்புப் பேத்தியின் வேலை ஆட்டைப் பிடித்துக்கொள்வது. போன மாதம் இந்த ஆடு நடுவில் புகுந்து ஒரு கொத்தமல்லிக் கட்டையே தின்றுவிட்டதாம்.

மீன் அலசும் நேரம். உள்ளே சொரசொரப்பான மண்சட்டியில் மீனைக் கொட்டி, இரண்டு கை கல்லுப்பைப் போட்டுச் சட்டென்று மூடுகிறார் அப்பத்தா. மூடிக்கு அடியில் மழை பெய்வதுபோல் சடசடவென்று சத்தம். அது அடங்கியதும் திறந்து, சட்டியின் சுவரோடு சேர்த்து வட்டமாகத் தேய்க்கிறார். நுரை பொங்குகிறது, வழவழப்பு கழன்று வருகிறது. ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், மூன்று… எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்? அப்பத்தா என் கையைப் பிடித்துச் சட்டியின் அடியில் வைக்கிறார். விரலில் நரநரவென்று மணல் பட்டால் இன்னும் அலச வேண்டும். ஆறாவது தண்ணீரில் நுரையும் இல்லை, மணலும் இல்லை. "இப்பச் சொல்லு, மீனு சுத்தமாயிருச்சா?" சுத்தம் அப்பத்தா, சுத்தம்!

சரியாக அந்த நேரத்தில் கோயில் ரேடியோ அலறத் தொடங்கியது.

மார்கழி அல்லவா? வழக்கமாக ஆறரைக்கு நின்றுவிடுமாம், இன்றைக்கு ஏதோ விசேஷம். எனக்குப் பாட்டு இனிமையாகத்தான் இருக்கிறது. வீட்டாருக்கோ முகம் வெளிறிவிட்டது. ஒருமுறை பின்னணியில் ஒலித்த கோயில் பாட்டு வீடியோவில் பதிவாகிவிட, அந்தப் பாட்டின் உரிமைக்காரர்களுக்கே வீடியோவின் விளம்பர வருமானம் போய்விட்டதாம். பேரன் கோயிலுக்குச் சைக்கிளில் பறக்கிறான். மகன் தெர்மாகோலோடு நிற்கிறார். அப்பத்தா மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். "அலசுன மீனு ஒங்க ரேடியோவுக்காக ஒக்காந்திருக்குமா?" இந்த வீட்டில் "கட்" என்று ஒரு சொல்லே கிடையாது. அப்பத்தா நிற்க மாட்டார். நெருப்பும் நிற்காது. எடுக்க முடிந்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் பாட்டோடு பதிவானதை என்ன செய்வார்கள்? மருமகள் என் காதில் ஒரு ரகசியம் சொல்கிறார். அந்தப் பகுதியின் ஒலியை அப்படியே எடுத்துவிடுவார்களாம். மதியம் ஊர் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் எண்ணெய் காயவைத்துக் கடுகைப் பொரியவிட்டு, அம்மியில் இரண்டு மிளகாயை அரைத்து, சத்தத்தை மட்டும் தனியாகப் பிடித்து ஒட்டுவார்களாம். நாம் ஹெட்போனில் கேட்டுக் கிறங்கும் அந்த "படபட" சில நாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பொரிந்த கடுகு! இதைத் தெரிந்துகொண்டதில் நான் பூரித்துப்போயிருக்கிறேன்.

சரி, அளவுக்கு வருவோம். படத்தில் தெரியாத இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் எடை மெஷினும் நோட்டுமாக மருமகள் உட்கார்ந்திருக்கிறார். அப்பத்தா கையில் எடுப்பது எதுவும் மெஷினில் ஏறி இறங்கித்தான் சட்டிக்குப் போக வேண்டும். ஒரு கை மல்லி: 22 கிராம். "அத்தை, இன்னொரு தடவ எடுங்க." 23 கிராம். மூன்றாம் தடவை மறுபடி 22. எல்லாரும் கைதட்டிவிட்டோம்! ஐம்பது வருஷமாக ஒரே அளவைப் பிடித்துப் பழகிய கை அது. சின்ன வெங்காயம் இரண்டு கை, 150 கிராம். வரமிளகாய் பன்னிரண்டு. பூண்டு பதினைந்து பல். நோட்டு நிரம்பிக்கொண்டே வருகிறது.

புளியில்தான் மெஷின் தோற்றது. வீட்டு மரத்துப் புளியில் ஒரு எலுமிச்சை அளவு உருட்டி வைத்தார் அப்பத்தா. 40 கிராம். மருமகள் எழுதிக்கொண்டார். "இதயே கடைப் புளியில போட்டாலும் 40 கிராம்தானே அத்தை?" என்று கேட்டார். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் கடைப் புளியையும் அதே 40 கிராம் எடுத்து, இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் ஒரே அளவு தண்ணீரில் கரைத்து என்னிடம் நீட்டினார். "நக்கிப் பாரு தாயி." வீட்டுப் புளி சுள்ளென்று காது வரை ஏறியது. கடைப் புளி பாதிதான் புளித்தது. கரைத்த கையைத் திறந்து காட்டினார், கடைப் புளியில் கொட்டையும் கோதும் ஒரு பிடி. எடையில் பாதி அதற்கே போய்விட்டது. நோட்டில் மருமகள் 40 கிராமை அடித்துவிட்டு எழுதியதை அப்படியே தருகிறேன்: "கரைத்த பிறகு விரலில் தொட்டுப் பார்க்கவும். கண் லேசாகச் சுருங்க வேண்டும்." உப்புக்கும் இதே கதைதான். மீனில் ஏற்கெனவே கல்லுப்பு ஏறியிருக்கும். அதனால் குழம்பு கொதித்த பிறகுதான், அதுவும் பாதி உப்புதான்.

அடுப்பில் நல்லெண்ணெய் காய்ந்தது. கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு. பிறகு தக்காளி. வெந்தயம் கறுக்கும் முன் வெங்காயம் விழ வேண்டும், கறுத்தால் குழம்பே கசக்கும். அரைத்த மசாலாவும் புளிக்கரைசலும் சேர்ந்து கொதிக்க, புகை எழும்பி நேராக மேலே தொங்கும் போனுக்குப் போகிறது! சைக்கிளில் திரும்பிவந்த பேரன் ஸ்டூலில் ஏறி லென்ஸைத் துடைக்கிறான், துடைக்கிறான், அவன் நெற்றி வேர்வை சட்டிக்குள் விழாமல் தங்கை துண்டை நீட்டுகிறாள். எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். அப்பத்தா மட்டும் ஊதாங்குழலோடு குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிறார்.

பச்சை வாசனை போய், ஓரங்களில் எண்ணெய் பிரிந்து மினுமினுக்கிறது. இப்போதுதான் மீன். இங்கே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் இதற்கு மறு வாய்ப்பு கிடையாது. அயிரையைக் கொட்டியவுடன் அப்பத்தா அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிடுகிறார். கரண்டி சட்டிக்குள் போகவே கூடாது, போனால் மீன் கரைந்து கூழாகிவிடும். துணியால் சட்டியின் இரண்டு காதையும் பிடித்து, தொட்டிலை ஆட்டுவது போல ஒரு சுழற்று, அவ்வளவுதான். எத்தனை நிமிஷம் என்று பேரனின் போன் எண்ணுகிறது. ஐந்து. அதற்குள் இறக்கிவிட்டார். மண்சட்டியின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். ரேடியோவும் எப்போதோ நின்றிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை!

கடைசிக் காட்சி. வாழை இலை, சோறு, குழம்பு. அப்பத்தா சம்மணமிட்டு உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து நிதானமாகப் பிசைந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். முந்தானை தோளில்தான் இருக்கிறது. "உப்பு ஒரைப்பு எல்லாம் செரியா இருக்கு" என்கிறார். போனை அணைத்தார்கள். மகன் தெர்மாகோலைக் கீழே போட்டுவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொள்கிறார். நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்து, ஒன்பது மணிக்கே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்துவிட்டது. முள்ளோடு அப்படியே மென்றேன், அந்தச் சுவையைச் சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

பணம் பற்றியும் கேட்டேன். முதலில் வந்தது பணம் அல்ல, ஒரு கடிதம். கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், முகவரி உண்மைதானா என்று பார்க்க ஆறு இலக்க எண் ஒன்றைத் தபாலில் அனுப்புகிறார்கள். தபால்காரர் அதைக் கொண்டுவந்து, "ஆத்தா, கூகுள்ல இருந்து ஒங்க வீட்டுக்குக் கடுதாசி" என்று தெருவே கேட்கச் சொன்னாராம். அந்தக் கடிதம் இப்போது சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. நூறு டாலர் சேர்ந்த பிறகே வங்கிக்கு வரும் பணம் மாதாமாதம் வருவதில்லை. வந்தால் சிலிண்டருக்கும் பேத்தியின் டியூஷனுக்கும் ஆகிறது. மகன் கொடிக்கால் வேலையை விடவில்லை.

இரவு ஏழரை. முன்பு சீரியல் ஓடிய நேரம் இது. இப்போது டிவி அணைந்திருக்கிறது. பேத்தி போனைப் பிடித்து, பார்த்தவர்கள் எழுதியதை ஒவ்வொன்றாக வாசிக்க, எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா கேட்டுக்கொண்டே கொட்டைப்பாக்கை வெட்டுகிறார். ஒருவர் குழம்பு கசந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். "வெந்தயத்தக் கருக்கிருப்பா. எழுது, எண்ணெ காஞ்சதும் தீயக் கொறைக்கச் சொல்லு."

விடைபெற எழுந்தேன். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். காலைக் குழம்பு மீதம் இருக்கிறது, அயிரைக் குழம்பு இரவில் இன்னும் ருசி. மருமகள் தட்டுகளை எடுத்துவைத்தார். மகன் உட்கார்ந்தார், பேரன் உட்கார்ந்தான், நானும் உட்கார்ந்தேன். கேமரா இல்லை, தெர்மாகோல் இல்லை. மரக்கிளையில் பனியன் துணி மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. சட்டியைத் திறந்த மருமகள் முதல் கரண்டியை அப்பத்தாவின் தட்டில் ஊற்றினார். ஐம்பது வருஷம் எல்லாரும் எழுந்த பிறகு சட்டியை வழித்துச் சாப்பிட்ட அப்பத்தா, யாரையும் பார்க்காமல், பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். அதன் பிறகுதான் மகன் சோற்றில் கை வைத்தார்.